அந்த ஒரு கேள்விக்கு மட்டும்

அன்புள்ள கயல்,

உன் நண்பனுக்கு ஸ்டேஷனிலிருந்து நோட்டீஸ் வந்திருப்பதாக எழுதியிருந்தாய். "தப்பே செய்யாதவன் எதற்கு வாயை மூடிக்கொள்ள வேண்டும், எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வரலாமே" என்று கேட்டிருந்தாய். முப்பது வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் நான். இதைப் போனில் அவசரமாகச் சொல்ல மனம் வரவில்லை. அதனால்தான் கடிதம்.

அவன் வேலை பார்க்கும் கிடங்கில் லேப்டாப்புகள் காணாமல் போயிருக்கின்றன. அன்று இரவு சார்ஜரை மறந்துவிட்டு, அதை எடுக்க அவன் ஒருமுறை உள்ளே போய் வந்திருக்கிறான், இல்லையா? "சாவி வழக்கமாக யாரிடம் இருக்கும்?" என்று கேட்டால் அவன் தாராளமாகச் சொல்லலாம். "அன்று இரவு நீ உள்ளே போனாயா?" என்பது வேறு மாதிரிக் கேள்வி. "போனேன்" என்பது உண்மைதான், ஆனால் அந்த ஒரு சொல் அவனைத் திருட்டு நடந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும். சங்கிலிக்கு ஒரு கண்ணி கிடைத்துவிட்டால் மீதியைக் கோப்பது எளிது. தன்னை மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கும் பாதுகாப்பு குற்றமற்றவனுக்கும் தேவைப்படுவது இதனால்தான்.

குற்றம் சாட்டப்பட்ட எவரையும் தனக்கு எதிராகத் தானே சாட்சியாகும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று நம் அரசியலமைப்பின் 20(3) சொல்கிறது. "நான் இன்னும் குற்றவாளிப் பட்டியலில் இல்லையே, சும்மா விசாரணைக்குத்தானே கூப்பிடுகிறார்கள்" என்று அவன் நினைக்கலாம். அதற்கும் வழி இருக்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 180-வது பிரிவின்படி, போலீஸ் விசாரிக்கும் எவரும் கேள்விகளுக்கு உண்மையாகப் பதில் சொல்ல வேண்டும். ஆனால் தன்னைக் குற்ற வழக்கில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டியதில்லை. பழைய சட்டத்திலும் 161-வது பிரிவாக இது இருந்தது. பொய் சொல்ல அனுமதி இல்லை என்பதைக் கவனி. "இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல விரும்பவில்லை" என்று மரியாதையாகச் சொல்லலாம், அவ்வளவுதான்.

ஒடிசாவின் முன்னாள் முதல்வர் நந்தினி சத்பதி அப்படித்தான் சொன்னார். எழுத்தில் நீளமான கேள்விப் பட்டியலைக் கொடுத்தார்கள், அவர் மறுத்தார், மறுத்ததற்கே வழக்குப் போட்டார்கள். 1978-ல் உச்ச நீதிமன்றம், இந்த உரிமை கோர்ட் கூண்டில் மட்டுமல்ல, போலீஸ் விசாரணையிலேயே தொடங்கிவிடுகிறது என்றது. அதே சமயம், சாதாரணக் கேள்விகளுக்கெல்லாம் இதைச் சாக்காகக் காட்ட முடியாது என்றும் சொன்னது.

ஒன்றை அவனிடம் அழுத்திச் சொல். விசாரணையில் எழுதும் வாக்குமூலத்தில் அவன் கையெழுத்துப் போட வேண்டியதில்லை, போடவும் கூடாது என்பதுதான் சட்டம். வெற்றுத்தாளை நீட்டினால் பேனாவையே தொடக்கூடாது. போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் அவனுக்கு எதிராகச் செல்லாது. சரி, பிறகென்ன பயம் என்பாய். என்னை எப்போதும் உறுத்தும் இடம் அதுதான். காவலில் இருப்பவர், "நான்தான் எடுத்தேன், மொட்டைமாடித் தொட்டிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்" என்று சொல்கிறார், போலீஸ் போய் அங்கே லேப்டாப்பைக் கண்டெடுக்கிறது என்று வைத்துக்கொள். "நான்தான் எடுத்தேன்" தள்ளுபடியாகிவிடும். "தொட்டிக்குப் பின்னால்" என்பது மட்டும் சாட்சியமாக உள்ளே வரும். பழைய சாட்சியச் சட்டத்தில் இது 27-வது பிரிவு. பொருளைப் போலீஸ் முன்பே எடுத்துவைத்துவிட்டு, பிறகு இவர் சொல்லித்தான் கிடைத்தது என்று, பொருளைக் கைப்பற்றியதற்கான பதிவான மகஜரை எழுதியதாக எத்தனையோ வழக்குகளில் வாதாடியிருக்கிறோம். அதனால் மகஜர் சாட்சிகள் யார், எந்த நேரத்தில் எழுதினார்கள் என்பதைத்தான் எங்கள் வக்கீல் முதலில் பார்ப்பார்.

வாயைத் திறக்காவிட்டாலும் உடம்பு பேசும். கைரேகை, கையெழுத்து மாதிரி கேட்டால் இந்த உரிமையைக் காட்டி மறுக்க முடியாது. 1961-லேயே பதினொரு நீதிபதிகள் அமர்ந்து அதை முடிவு செய்துவிட்டார்கள். மருந்து ஏற்றிப் பேசவைப்பதும் பொய் கண்டறியும் கருவியும் வேறு. சம்மதமில்லாமல் அவற்றைச் செய்யக் கூடாது என்று 2010-ல் செல்வி வழக்கில் தீர்ப்பானது.

ஒருவேளை கைதாகி, ஒப்புக்கொள்ளச் சொல்லி மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோனால், "நீ சொல்ல வேண்டிய கட்டாயமில்லை, சொன்னால் உனக்கு எதிராகப் பயன்படும்" என்று அவர் முதலில் சொல்லியாக வேண்டும். அங்கே "எனக்கு விருப்பமில்லை" என்றால், அவனைத் திரும்பப் போலீஸ் காவலுக்கு அனுப்ப மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் கிடையாது. ஸ்டேஷனில் அடித்திருந்தால் அதைச் சொல்லவும் அதுதான் இடம்.

போகும் முன் ஒரு வக்கீலைப் பார்க்கச் சொல். அந்தச் சார்ஜர் விஷயத்தை அவரிடம் முழுதாகச் சொல்லட்டும். ஸ்டேஷனுக்கு நோட்டீஸின் நகலும் கூட ஒரு ஆளும் போகட்டும். திரும்பி வந்ததும் என்னென்ன கேட்டார்கள் என்று எழுதி எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா