‘எண் தெரிந்தால் போதும்’ என்று எழுதியவருக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வளைகுடா நாடுகளில் முதியோரைப் பராமரிக்கச் செல்லும் பெண்களைப் பற்றித் தங்கள் இதழ் வெளியிட்ட கட்டுரையில், “மருந்துப் பெட்டியின் மீதுள்ள எண்களைப் பார்த்தாலே போதும், அரபி தெரிய வேண்டியதில்லை” என்று ஒரு வாக்கியம் இருந்தது. குவைத்தில் ஒன்பது ஆண்டுகள் ஒரு மூதாட்டிக்கு மருந்து கொடுத்துவிட்டுக் கோபிக்குத் திரும்பியிருக்கும் நான், அதை மூன்று முறை படித்தேன். எழுதியவர் அரபிப் பெட்டி ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்திருப்பாரா என்ற ஐயம் இன்னும் தீரவில்லை.

அரபியில் ‘இரண்டு’ என்பதற்கு எண்ணே எழுத வேண்டியதில்லை என்பது தாங்கள் அறியாததல்ல. ‘மர்ரா’ என்றால் ஒரு முறை. அதன் வாலை நீட்டி ‘மர்ரத்தைன்’ என்றால் இரண்டு முறை. மாத்திரைக்கும் அப்படித்தான்: ‘ஹப்பா’ ஒன்று, ‘ஹப்பத்தைன்’ இரண்டு. நான் போன முதல் மாதம், இரத்த அழுத்த மாத்திரைப் பெட்டியில் மருந்துக்கடைக்காரர் பேனாவால் ‘ஹப்பா மர்ரத்தைன் யௌமிய்யன்’ என்று எழுதியிருந்தார். எண் என்று ஒரு கோடுகூட அதில் இல்லை. ஒரு மாத்திரை, நாளுக்கு இரண்டு முறை என்பது பொருள். எனக்குப் பழகியிருந்தது ‘மர்ரா’ மட்டுமே. காலையில் ஒன்று கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். முப்பது மாத்திரை பதினைந்து நாளில் தீர்ந்திருக்க வேண்டும். பதினாறாம் நாள் மூதாட்டியின் மகள் புதிய பெட்டி வாங்கி வந்தபோது, பழைய அட்டையில் பதினைந்து அப்படியே இருந்தன. இரவில் அழுத்தம் ஏறியதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. அன்று அந்த வீட்டில் நான் கேட்ட வசவு அரபியில் இருந்தாலும், அதற்கு மட்டும் எனக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. பிறகு கண்டுகொண்டேன்: ‘மர்ரா’, ‘ஹப்பா’ போன்ற சொல்லின் கடைசியில் கிண்ணம் போன்ற வளைவும் அதன்மேல் ஒற்றைப் புள்ளியும் இருந்தால் அது இரண்டு.

என்னை அனுப்பிய முகவரோ வணக்கம், நன்றி, ‘சரிங்க அம்மா’ ஆகிய மூன்றுக்கு மட்டும் அரபி சொல்லிக் கொடுத்தார். அதற்கும் பயிற்சிக் கட்டணம் என்று தனியாக வாங்கிக்கொண்டார். இதைப் பற்றி இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே தங்களுக்கு எழுதினேன், அக்கடிதம் வெளிவரவில்லை. சிரிக்கும் பணிப்பெண்ணின் வண்ணப்படத்துக்கு மட்டும் தங்கள் இதழில் எப்போதும் இடம் இருக்கிறது.

எண் எழுதியிருந்தால் மட்டும் தப்பிக்கலாமா? அவர்களுடைய ஐந்து, நம் பூஜ்யத்தைப் போல ஒரு வட்டம். பூஜ்யமோ வெறும் புள்ளி. மலச்சிக்கலுக்கான சிரப்புப் புட்டியில் ஒரு கோடும் வட்டமும் எழுதியிருந்தால், நம் கண்ணுக்கு அது 10 மில்லி. உண்மையில் அது 15. அம்மூதாட்டி நான்கு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பட்ட பாட்டுக்கு, எண்ணைச் ‘சரியாகவே’ பார்த்த நான்தான் காரணம்.

எல்லாவற்றிலும் என்னை நடுங்க வைத்தது மூட்டுவாதத்துக்கு அவர் உண்ட மெத்தோட்ரெக்சேட். ‘மர்ரா’ என்று கண்டதும், நாளுக்கு ஒருமுறை என்று எண்ணிப் பெட்டியை மேசையில் வைத்துவிட்டேன். கடையில் இருந்த மலையாளி அண்ணன்தான் முன்பே அடுத்த சொல்லைப் பேனாவால் வட்டமிட்டிருந்தார். விளங்காமல் தொலைபேசியில் கேட்டேன். அது ‘யௌமிய்யன்’ அன்று, ‘உஸ்பூஇய்யன்’. அதாவது வாரத்துக்கு ஒருமுறை. அம்மருந்தைத் தினமும் கொடுத்தால் முதலில் வாய் புண்ணாகும். பின்னர் எலும்பு மஜ்ஜையில் இரத்த அணு உற்பத்தி குன்றி உயிரே போகலாம். அந்த வட்டம் இல்லாதிருந்தால் இக்கடிதத்தை எந்த ஊர்ச் சிறையிலிருந்து எழுதியிருப்பேனோ தெரியாது.

நான் கேட்பது பெரிதல்ல. சுழியம் முதல் ஒன்பது வரையுள்ள அரபி எண்களையும், ஒருமுறை, இருமுறை, தினமும், வாரந்தோறும், உணவுக்கு முன், உணவுக்குப் பின் என்னும் ஆறு சொற்களையும் அரபி எழுத்திலேயே ஒரு கட்டம் கட்டி, கத்தரித்து மருந்துப் பையில் வைத்துக்கொள்ளும் அளவில் அடுத்த இதழில் அச்சிடுங்கள். அதற்கும் இடமில்லையெனில், அந்த ஒரு வாக்கியத்துக்குத் திருத்தமாவது போடுங்கள். எங்கள் தெருவிலிருந்து இரண்டு பெண்கள் அடுத்த மாதம் புறப்படுகிறார்கள்; அவர்கள் வீட்டிலும் தங்கள் இதழைத்தான் வாங்குகிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
கோபிசெட்டிபாளையம்