மழையைக் கூட்டிப் போடாதீர்கள்: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டச் செய்தியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள செய்தியாளர்களுக்கு,

வணக்கம். பாலக்கோடு பக்கம் தக்காளியும் கேழ்வரகும் வைத்து விவசாயம் பார்ப்பவன் நான். களத்து மேட்டில் ஒரு மழைமானி வைத்திருக்கிறேன். மழை பெய்த மறுநாள் காலை எட்டரை மணிக்கு அளந்து நோட்டில் எழுதிவைப்பது சில வருடப் பழக்கம்.

ஒரு நாள் என் மானியில் 6 மி.மீ. இருந்தது. அன்று மாலையே திருப்பூரிலிருந்து மச்சான் போன் செய்து, "தருமபுரில நூறு மில்லிமீட்டருக்கு மேல மழையாமே, இனி பத்து நாளைக்கு மோட்டார் போட வேண்டாம்ல?" என்று கேட்டார். அவர் படித்த செய்தியை நானும் எடுத்துப் பார்த்தேன். 'மாவட்டத்தில் மொத்தம்' என்று போட்டு ஒரு பெரிய எண் இருந்தது. மழை அளக்கும் இடங்களில் பதிவான அளவுகளையெல்லாம் ஒன்றாகக் கூட்டிய எண் அது. இப்படி வரும் செய்தியைப் பல முறை பார்த்துவிட்டேன். அதனால்தான் இந்த மடல்.

முதலில் ஒரு மில்லிமீட்டர் என்றால் என்ன என்று பார்ப்போம். போன கோடையில் என் மகளோடு சேர்ந்து இதைச் செய்து பார்த்தேன். மீட்டர் நீளத்தில் நான்கு ரீப்பர் கட்டைகளைச் சதுரமாக அடித்து, உள்ளே தார்ப்பாயை விரித்து, ஒரு லிட்டர் பாட்டில் தண்ணீரை ஊற்றினோம். தண்ணீர் ஒரு மூலைக்கே ஓடியது. கட்டைக்கு அடியில் ஓட்டுச்சில்லு முட்டுக்கொடுத்து மட்டம் பார்த்த பிறகுதான் பரவி நின்றது. ஸ்கேலை வைத்தால் தண்ணீர் முதல் கோட்டைத் தொட்டது, அவ்வளவுதான். ஏடிஎம் கார்டின் தடிமனைவிடக் கொஞ்சம் அதிகம். ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் தண்ணீர் எங்கும் ஓடாமல், ஊறாமல், ஆவியாகாமல் நின்றால் வரும் உயரம் அது. அதுதான் ஒரு மில்லிமீட்டர் மழை.

ஆக, மழையளவு என்பது தண்ணீரின் கொள்ளளவு இல்லை, உயரம். நேரான சுவருள்ள டம்ளரையும் டிரம்மையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பெய்யும் மழை இரண்டிலும் ஒரே உயரத்துக்குத்தான் ஏறும். டிரம்மில் லிட்டர் கூடுதலாக இருக்கும், ஆனால் மில்லிமீட்டர் ஒன்றுதான். மழைமானியின் வாய் 200 சதுர செ.மீ. இருந்தால் ஒரு மில்லிமீட்டர் மழைக்கு அதில் 20 மில்லி தண்ணீர் விழும். கூடவே தரும் அளவுக் குவளையில் அந்த 20 மில்லிக்கு நேராக 1 என்று கோடு போட்டிருப்பார்கள். 100 சதுர செ.மீ. வாய்க்கு உரிய குவளையை எடுத்து இந்த மானியை அளந்தால் மழை இரண்டு மடங்காகக் காட்டும். பக்கத்து மானிகளையெல்லாம்விட ஒரே ஒரு மானி மாதக்கணக்கில் இரட்டிப்பாகக் காட்டினால் முதலில் குவளையைத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது கூட்டல் விஷயத்துக்கு வருகிறேன். கணக்கு புரிவதற்காக எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். ஒரு நாள் காலை அரூரில் 48, பாப்பிரெட்டிப்பட்டியில் 30, தருமபுரியில் 12, பென்னாகரத்தில் 10, பாலக்கோட்டில் 6, ஒகேனக்கல்லில் 4, மாரண்டஅள்ளியில் 2 மி.மீ. என்று வந்திருக்கிறது. கூட்டினால் 112. ஏழால் வகுத்தால் 16. பட்டியலின் அடியில் 'மொத்தம்' என்று ஒரு வரி இருப்பதே அடுத்த வரியில் 'சராசரி' போடுவதற்காகத்தான். அது கணக்கின் நடுவில் வரும் ஒரு படி. செய்தியில் அந்த 112-ஐப் போட்டால் படிப்பவருக்கு என்ன தோன்றும்? வானிலைத் துறைக் கணக்கில் 64.5 மி.மீ.க்கு மேல் போனாலே கனமழை. ஆனால் அந்த ஏழு ஊரில் ஒரு ஊரில்கூடக் கனமழை பெய்யவில்லை.

இதை இன்னொரு விதமாகச் சோதித்துப் பாருங்கள். அதே மழை நாளில் மாவட்டத்தில் ஏழுக்குப் பதிலாக எழுபது மானி இருந்திருந்தால் மொத்தம் ஆயிரத்தைத் தாண்டியிருக்கும். வானத்திலிருந்து ஒரு சொட்டுக்கூட அதிகம் விழுந்திருக்காது. சராசரியோ 16-ஐ ஒட்டியே நின்றிருக்கும். தருமபுரியில் 34 டிகிரி, அரூரில் 35 டிகிரி என்றால் மாவட்டத்தில் 69 டிகிரி வெயில் என்று நீங்கள் எழுத மாட்டீர்கள். மழைக்கும் அதே நியாயம்தான்.

கூட்டவே கூடாதா என்றால், கூட்டலாம். ஒரே மானியில் திங்கள் 10, செவ்வாய் 5 என்றால் இரண்டு நாளில் 15 மி.மீ. என்பது சரி. ஏனென்றால் அதே தரையில் ஒன்றின் மேல் ஒன்றாகப் பெய்த தண்ணீர் அது. மாத மழை, வருட மழை எல்லாம் இப்படி வருவதுதான். நாளைக் கூட்டலாம், ஊரைக் கூட்டக் கூடாது. சராசரியிலும் ஒரு குறை உண்டு. மானி நெருக்கமாக இருக்கும் பக்கத்துக்கு அதில் கனம் கூடிவிடும். அதனால் எந்த ஊரில் எவ்வளவு என்பதைச் சேர்த்துக் கொடுத்தால்தான் எங்களுக்கு உதவும்.

எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்றால், 6 மி.மீ. மழை என்பது சதுர மீட்டருக்கு 6 லிட்டர். ஏக்கருக்கு 24 ஆயிரம் லிட்டர் என்று சொன்னால் நிறையத் தெரியும். ஆனால் வெயில் நாளில் மண்ணும் பயிருமாக ஒரு நாளைக்கு 4, 5 மி.மீ. ஆவியாக்கிவிடும். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ நான் மோட்டார் போட்டே ஆக வேண்டும். செய்தியை நம்பி ஒருவர் பத்து நாள் பாசனத்தைத் தள்ளிப்போட்டால் பூவெல்லாம் கொட்டிப்போகும்.

மறுபக்கமும் இருக்கிறது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 503 மி.மீ. கொட்டியது. ஒரே மானியில் பதிவான அளவு அது. ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 503 லிட்டர், ஏக்கருக்கு இருபது லட்சம் லிட்டர். பத்தாயிரம் லிட்டர் டேங்கர் லாரியில் இருநூறு நடை. நம் பக்கம் வருடம் முழுக்கப் பெய்வதே எண்ணூற்றுச் சொச்சம் மி.மீ.தான். கூட்டல் எண்களை வழக்கமாகப் போட்டுவந்தால், இப்படி ஒரு நிஜமான 503 வரும் நாளில் படிப்பவருக்கு அதன் கனம் எப்படித் தெரியும்?

அதே மழையைச் சிலர் 50 செ.மீ. என்று எழுதினார்கள். இரண்டும் ஒன்றுதான், வானிலை மையம் செ.மீ.யில் முழு எண்ணாக்கிச் சொல்வது வழக்கம். தேதியும் குழப்பியது. டிசம்பர் 2 காலை எட்டரைக்கு எடுத்த அளவு என்றால், முந்தைய நாள் எட்டரையிலிருந்து பெய்தது. ஞாயிறு ராத்திரி வெள்ளம் புகுந்த வீட்டுக்காரருக்குத் திங்கள்கிழமைக் கணக்கில் அது வருவது விசித்திரமாக இருக்கும். 'காலை 8.30 வரையிலான 24 மணி நேரத்தில்' என்று எழுதிவிட்டால் தீர்ந்தது.

நான் கேட்பது ஒரு வரிதான். மேலே வைத்த எண்களுக்கே தலைப்பு எழுதுவதானால் இப்படி எழுதுங்கள்: 'அரூரில் 48 மி.மீ., மாரண்டஅள்ளியில் 2 மி.மீ.; தருமபுரி மாவட்டச் சராசரி 16.'

இப்படிக்கு,
பாலக்கோடு பக்கத்து விவசாயி