டிசம்பர் 15-ஐ நினைத்துத் தூங்காமல் இருக்கும் கயலுக்கு

அன்புள்ள கயல்,

வேலை நிரந்தரமாகுமுன் இருக்கும் உன் ஆறு மாசப் புரொபேஷன் பற்றிய மெசேஜ் படித்தேன் கண்ணு. "ஆறு மாசத்துல நாலு மாசம் ஓடிருச்சு சித்தப்பா, சார் நல்லாருக்குன்னும் சொல்லல, மோசம்னும் சொல்லல, எது கேட்டாலும் 'ஓகே'தான்" என்று எழுதியிருந்தாய். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்கிறாய் என்று அண்ணியும் சொன்னார். கொழிஞ்சாம்பாறையிலிருந்தும் வேலந்தாவளத்திலிருந்தும் கஞ்சிக்கோட்டுக்கு வேலைக்குப் போகிற உன் வயசுப் பிள்ளைகள் பலர் என்னிடம் இதையேதான் கேட்கிறார்கள். அதனால் பொதுவிலேயே எழுதுகிறேன். உன் பெயரை மட்டும் மாற்றிவிட்டேன்.

நான் பர்சனல் டிபார்ட்மென்டில் காலம் தள்ளியவன். புரொபேஷனில் இருக்கிறவர்களுக்கு மேசையின் அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பது தெரிவதில்லை. தெரிந்தால் பயம் பாதி குறையும், மீதிப் பாதிக்கு வேலை இருக்கும்.

நீ சேர்ந்தது ஜூன் 16. டிசம்பர் 15-ல் ஆறு மாசம் முடிகிறது. எச்.ஆரில் ஒருவர் ஒவ்வொரு மாசமும் கன்ஃபர்மேஷன் வரவேண்டியவர்களின் பட்டியல் எடுப்பார். உன் பெயர் நவம்பர் நடுவில் அதில் ஏறும். உன் பெயர் போட்ட ஒரு பக்க ஃபாரம் உன் சாருக்குப் போகும். வருகை, வேலை அறிவு, தரம், ஒத்துழைப்பு, தானாக முன்வந்து செய்வது என்று நாலைந்து கட்டம். கீழே கன்ஃபர்ம் செய்யலாம், நீட்டிக்கலாம், வேண்டாம் என்று மூன்று பெட்டி. பெரும்பாலான சார்கள் இதை ரெண்டு ரிமைண்டர் வந்த பிறகு, டிஸ்பேட்ச் அவசரத்துக்கு நடுவில், பத்து நிமிஷத்தில் நிரப்புவார்கள். ஆறு மாச வேலையை யாரும் உட்கார்ந்து எடை போடுவதில்லை. அந்தப் பத்து நிமிஷத்தில் எது ஞாபகம் வருகிறதோ அதுதான் மார்க்.

ஆகவே உன் சார் வாய் திறக்காததற்கு உன்னைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம் எடுக்காதே. உன்னைப் பற்றி அவர் இன்னும் யோசிக்கவே இல்லை என்பதுதான் பெரும்பாலும் உண்மை. இது ஆறுதல் இல்லை, தெரியும். ஆனால் யோசிக்காத ஆளை யோசிக்க வைக்க முடியும்.

ஒரு பையனின் கதை சொல்கிறேன். மெஷின் ஷாப் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தான், உன்னைப்போலவே அமைதி. அவனுக்கு வேலை கற்றுக்கொடுத்த சூப்பர்வைசர் ஐந்தாம் மாசம் வேறு யூனிட்டுக்கு மாறிப்போனார். புதிதாக வந்தவர் பையனைப் பார்த்தது மூன்று வாரம். அந்த மூன்று வாரத்தில் ஒரு லாட் கஸ்டமரிடமிருந்து திரும்பி வந்தது. அந்த லாட்டைச் செக் செய்தது வேறு ஷிஃப்ட். ஆனால் ஃபாரத்தில் தரம் என்ற கட்டத்தில் ஐந்துக்கு இரண்டு, 'முன்முயற்சி இல்லை' என்று ஒரு வரி, மூன்று மாசம் நீட்டிப்பு. பழைய சூப்பர்வைசர் அவனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியவர். ஒரு வரிகூட எழுதி வைக்காமல் போனார். பையனும் கேட்டு வாங்கவில்லை. புரொபேஷன் நடுவில் மேலதிகாரி மாறுவதைவிடப் பெரிய ஆபத்து இதில் இல்லை என்பது என் எண்ணம். உங்கள் சார் மாறுகிற பேச்சு அடிபட்டால் அன்றைக்கே போய் ரெண்டு வரி மெயில் வாங்கிக்கொள்.

இனி உன் விஷயம். "நான் எப்படிப் பண்றேன் சார்?" என்று கேட்டால் "ஓகே" தவிர வேறென்ன வரும்? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அவர் உன் நாலு மாசத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பதில், போன வாரம் நீ எழுதிய இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டில் மூன்றை எடுத்துக்கொண்டு போ. "சார், இதுல ரிஜெக்‌ஷன் காரணம் எழுதினது போதுமா, இன்னும் எதாவது சேர்க்கணுமா?" என்று கேள். கையில் பேப்பர் இருந்தால் எந்த சாருக்கும் குறை சொல்லாமல் இருக்க முடியாது. "போர் சைஸ் ரெண்டு இடத்துல அளக்கணும், நீ ஒரு இடத்துலதான் எடுத்திருக்கே" என்று வரும். நாலு மாசமாக நீ ஏங்கிய ஃபீட்பேக் அதுதான். மாசக் கடைசியில் போகாதே, காலை மீட்டிங் முடிந்த கையோடும் போகாதே. சாயங்கால டீக்குப் பிறகு போ. அவர் மலையாளத்தில் சொல்வதை நீ தமிழில் குறித்துக்கொண்டாலும் பரவாயில்லை, அந்த இடத்திலேயே எழுது.

அன்று ராத்திரியே நாலு வரி மெயில் போடு: சார் சொன்ன ரெண்டு திருத்தம், நாளையிலிருந்து அதைச் செய்கிறேன், பதினைந்து நாள் கழித்து மறுபடி மூன்று ரிப்போர்ட் கொண்டுவருகிறேன். நன்றி சொல்லி நீட்ட வேண்டாம். அவர் பதில் போடாவிட்டாலும் பாதகமில்லை. ஃபாரம் நிரப்பும்போது உன் பெயரைத் தேடினால் அந்த மெயில் வரும். நவம்பர் முதல் வாரத்துக்குள் இப்படி ரெண்டு தடவை போய்விட்டாயென்றால், 'முன்முயற்சி' கட்டத்தில் எழுத அவருக்கு விஷயம் கிடைத்துவிடும்.

கஸ்டமர் ஆடிட் அன்று உன்னைக் கூப்பிடவில்லை என்று வருத்தப்பட்டாய். புதுப் பிள்ளைகளை ஆடிட்டர் முன்னால் நிறுத்த யாருமே தயங்குவார்கள், அதை விடு. கவனிக்க வேண்டியது வேறு. கொடுத்த வேலையைக் காரணம் சொல்லாமல் திரும்ப வாங்குவது, எழுத்தில் மெமோ வருவது, உன் வேலையை இன்னொருவருக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்வது, இவைதான் அறிகுறி. தனியாக நைட் ஷிஃப்ட் போட்டால் பயப்படாதே, நம்பாத ஆளைத் தனியாக விடமாட்டார்கள். ஒன்று மட்டும் உன் கையில் இல்லை: ஆர்டர் குறைவது. அப்போது ஓவர்டைம் நிற்கும், காண்டிராக்ட் ஆட்கள் குறைவார்கள், உன் பேட்ச் முழுவதற்கும் நீட்டிப்பு வரும். அதை உன் குறையாக எடுத்துக்கொள்ளாதே.

நீ அனுப்பிய அப்பாயின்ட்மென்ட் லெட்டரைப் பார்த்தேன். 'எழுத்தில் உறுதி செய்யும்வரை புரொபேஷன் தொடரும்' என்று இருக்கிறது. அப்படி இருந்தால் டிசம்பர் 16-ம் தேதி யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்பதால் நீ நிரந்தரம் ஆகிவிட மாட்டாய். 1968-ல் தரம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், அதிகபட்ச வரம்பு தாண்டியும் வேலையில் வைத்திருந்தால் உறுதி செய்ததாகவே கொள்ள வேண்டும் என்றது. ஆனால் அது பஞ்சாப் அரசுக் கல்வித்துறை ஊழியர்கள் விவகாரம். அவர்கள் விதியிலேயே மூன்று வருஷத்துக்கு மேல் கூடாது என்று இருந்தது. உன் லெட்டரில் அப்படி ஒரு வரம்பு இல்லை. அதனால் 16-ம் தேதியே எச்.ஆருக்கு "என் கன்ஃபர்மேஷன் நிலை என்ன?" என்று ஒரு மெயில் போடு. அதே லெட்டரில் புரொபேஷனில் இருக்கும்போது எத்தனை நாள் நோட்டீஸ் என்றும் இருக்கும், அதையும் பார்த்து வை.

நீட்டிப்பு லெட்டர் வந்தால், எது குறை, எந்தத் தேதிவரை என்ற ரெண்டும் அதில் இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் எழுதிக் கேள். கையெழுத்துப் போடும்போது 'பெற்றுக்கொண்டேன்' என்று தேதியோடு எழுதி, ஒரு காப்பி எடுத்துக்கொள். "உன் நல்லதுக்குத்தான், நீயே ராஜினாமா எழுதிக் கொடுத்துடு" என்று யாராவது சொன்னால் அந்த அறையிலேயே எழுதாதே. வீட்டில் கேட்டுவிட்டு நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்து வா. ரிலீவிங் லெட்டரும் அனுபவச் சான்றும் எந்தத் தேதியில் தருவார்கள் என்று தெரிந்த பிறகுதான் அந்தப் பேச்சே.

முதலில் மூன்று ரிப்போர்ட்டை எடுத்து வை. எதை எடுப்பது என்று குழப்பமாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை கொண்டுவா, பார்த்துச் சொல்கிறேன். ரிஜெக்‌ஷன் அதிகமாக வந்த நாளின் ரிப்போர்ட் ஒன்று அதில் கட்டாயம் இருக்கட்டும்.

அன்புடன்,
சித்தப்பா