இணைக்கும் முன் மின்னோட்ட வரம்பு: புதன்கிழமை ஆய்வகத்துக்கு வருவோர் கவனத்திற்கு

தம்பி தங்கைகளே, வணக்கம்.

சென்ற வாரம் ஒரு சர்க்யூட் பலகை கருகியது. சிவப்பு, கறுப்பு ஒயர்கள் இடம் மாறியிருந்தன. அது பெரிய குற்றமில்லை, நானும் மாற்றியிருக்கிறேன். ஆனால் பவர் சப்ளையின் மின்னோட்டக் குமிழ் முழு 3 ஆம்பியரில் இருந்தது. மாற்று ஐசி வாங்க, சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு பஸ் ஏறியது நான்தான்.

இனி இப்படிச் செய்யுங்கள். எதையும் இணைக்காமல் மின்னழுத்தத்தை 5 வோல்ட்டில் வையுங்கள். மின்னோட்டக் குமிழை முழுவதும் குறைத்துவிட்டு, சப்ளையின் இரு முனைகளையும் ஓர் ஒயரால் நேரடியாக இணையுங்கள். பயப்பட வேண்டாம், நம் சப்ளை அதைத் தாங்கும். மின்னோட்டம் வரம்பைத் தொட்டதைக் காட்டும் ‘CC’ விளக்கு எரியும். அளவு 0.20 காட்டும்வரை குமிழை மெல்லத் திருப்புங்கள். நம் சர்க்யூட் இழுப்பது சுமார் 0.12 ஆம்பியர், எனவே அது போதும். பிறகு சப்ளையை அணைத்து, ஒயரை எடுத்துவிட்டு சர்க்யூட்டை இணையுங்கள்.

சப்ளையை மீண்டும் போட்டதும், மின்னழுத்தம் வைத்த அளவிலேயே நிற்பதைக் காட்டும் ‘CV’ விளக்கு எரிந்தால் சரி. ‘CC’ எரிந்து மின்னழுத்தம் 1 வோல்ட்டுக்கு இறங்கினால் எங்கோ தவறு. அப்போது குமிழைக் கூட்டாதீர்கள், அணைத்துவிட்டு ஒயர்களைப் பாருங்கள்.

ஒன்று மட்டும்: சப்ளையின் வெளியீட்டில் உள்ள மின்தேக்கி தன் மின்னூட்டத்தை வரம்புக்குக் காத்திராமல் கொட்டிவிடும். ஆகவே எல்இடிக்கு மின்தடை வைத்தே ஆகவேண்டும்.

– ஆய்வக உதவியாளர்