பின்கேட் கேமராவுக்கு ஒரே இழுப்பில் கேபிள் வேண்டாம்: குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை வட்டாரத்து அடுக்குமாடிக் குடியிருப்போர் நலச் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

ஐப்பசி அடைமழைக்கு முன்னால் கேமரா வேலையை முடித்துவிட வேண்டும் என்று பல சங்கங்கள் இப்போது கொட்டேஷன் வாங்கிக்கொண்டிருக்கின்றன. அந்தக் காகிதங்களில் கேமரா எத்தனை மெகாபிக்சல், ஹார்ட் டிஸ்க் எத்தனை டெராபைட் என்பதெல்லாம் தெளிவாக இருக்கிறது. கேபிளுக்கு மட்டும் "தேவைக்கேற்ப" என்று ஒரு வரி. மழைக்காலத்தில் பின்கேட் கேமரா இருண்டுபோவது பெரும்பாலும் அந்த ஒரு வரியால்தான். கையெழுத்துப் போடுவதற்கு முன் நீங்கள் கேட்க வேண்டியதை எழுதுகிறோம்.

ஒரே கேபிளில் டேட்டாவோடு மின்சாரத்தையும் அனுப்பும் பிஓஇ ஸ்விட்சிலிருந்து கேமரா வரை கேபிளின் மொத்த நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. அதில் 90 மீட்டர் சுவரோடும் குழாயோடும் போகும் நிரந்தரக் கேபிள். மீதி 10 மீட்டர் இரு முனையிலும் செருகும் சின்னக் கேபிள்களுக்கு. இந்தக் கணக்கு நேர்கோட்டுத் தூரத்துக்கு அல்ல, கேபிள் ஏறி இறங்கி வளைந்து போகும் வழிக்கு.

ஒரு வளாகத்தை எடுத்துக்கொள்வோம். கண்ட்ரோல் ரூம் ஏ பிளாக் தரைத்தளத்தில். பின்கேட் வாய்க்கால் பக்கம். வரைபடத்தில் ஸ்கேல் வைத்தால் 110 மீட்டர்தான். "பத்து மீட்டர்தானே கூட, ஓடிவிடும்" என்பார்கள். வழியை அளந்து பாருங்கள்: ஸ்விட்சிலிருந்து சீலிங்குக்கு 4, ஏ பிளாக் நடைவழியில் 38, காம்பவுண்டுச் சுவரோரக் குழாயில் 112, கேட் தூணில் ஏற 6, இரு முனையிலும் சுருட்டி வைக்க 12. ஆக 172 மீட்டர்.

வேலை முடிந்த இடத்திலும் இதைச் சரிபார்க்கலாம். கேபிள் உறையின் மேல் மீட்டருக்கு ஒரு எண் அச்சிட்டிருக்கும். ஸ்விட்ச் முனையில் 041 என்றும் கேமரா முனையில் 213 என்றும் இருந்தால் நீளம் 172. இரு முனைகளின் எண்களும் ஒரே வரிசையில் வராவிட்டால் நடுவில் எங்கோ ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். அந்த ஒட்டு எங்கே என்று உடனே கேளுங்கள்.

172 மீட்டரில் முதலில் தடுமாறுவது எது? கரண்ட் போய்ச் சேராது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டால் வேறு மாதிரி வருகிறது. நல்ல செம்பு கேட்-5இ கேபிளில் பிஓஇ மின்சாரம் போய்த் திரும்பும் பாதையின் தடை 100 மீட்டருக்கு ஏறத்தாழ 9.4 ஓம். 172 மீட்டருக்கு 16 ஓம் சொச்சம். இரவில், இருட்டிலும் படம் தெரிய உதவும் ஐஆர் விளக்கு எரியும்போது சாதாரண புல்லட் கேமரா 8 வாட் இழுக்கும் என்று வையுங்கள். ஸ்விட்ச் 52 வோல்ட் கொடுத்தால் வழியில் இழப்பது 3 வோல்ட்கூட இல்லை. 49 வோல்ட் போய்ச் சேர்கிறது, 37 இருந்தாலே கேமராவுக்குப் போதும். ஆக முதலில் விழுவது மின்சாரம் அல்ல, டேட்டா. 100 எம்பிபிஎஸ் சிக்னல் அவ்வளவு தூரத்தில் தேய்ந்துபோய், படம் கட்டம் கட்டமாக உடையும், பிறகு லிங்க் விட்டுவிட்டு வரும்.

சுழலும் பிடிஇசட் கேமராவுக்கு இந்த ஆறுதல் கிடையாது. அது 25 வாட் கேட்டால் அதே கேபிளில் 9.5 வோல்ட் வழியிலேயே போய்விடும். மிஞ்சுவது 42.5, அந்த வகைக் கேமராவுக்குத் தரநிலை சொல்லும் கடைசி எல்லை அதுதான். கேபிள் செம்பு பூசிய அலுமினியமாக இருந்தால் தடை ஒன்றரை மடங்குக்கு மேல். அப்போது கேமரா தலையைத் திருப்பும்போதெல்லாம் ரீஸ்டார்ட் ஆகும், அல்லது ஸ்விட்ச் அந்தப் போர்ட்டையே நிறுத்திவிடும். கம்பியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிவது அலுமினியம். பெட்டியில் என்ன அச்சிட்டிருந்தாலும் இந்தச் சுரண்டலைத்தான் நம்ப வேண்டும்.

கோளாறு மின்சாரத்திலா டேட்டாவிலா என்று பிரித்துப் பார்க்க ஏணி ஏற வேண்டியதில்லை. கேமராவின் லாக் பக்கத்தில் அது கடைசியாக எப்போது பூட் ஆனது என்று பாருங்கள். பொழுது சாய்ந்ததும் பூட் ஆகியிருந்தால் ஐஆர் எரிந்த நேரத்தில் மின்சாரம் பற்றவில்லை என்று பொருள். சாதாரணக் கேமராவில் இது நடந்தால் நீளத்தைக் குறை சொல்லாமல் முதலில் ஒட்டையும் கனெக்டரையும் தேடுங்கள். பச்சை படிந்த ஆர்ஜே-45 முனை, டேப் சுற்றிய முறுக்கு இவைதான் வழக்கமான குற்றவாளிகள். கேமரா பூட் ஆகாமலே, படங்களைப் பதிவுசெய்யும் என்விஆரில் வீடியோ லாஸ் பதிவாகியிருந்தால் கோளாறு டேட்டாவில். கண்ட்ரோல் ரூம் விண்டோஸ் கம்ப்யூட்டரின் கமாண்ட் பிராம்ப்டில், கேமராவின் ஐபி முகவரி போட்டு, இதை ஓடவிடுங்கள்:

```
ping -n 500 -l 1400 192.168.1.64
```

ஒரு பாக்கெட்கூடத் தொலையக் கூடாது. பகலில் ஒரு முறை, இரவில் ஒரு முறை, மழை பெய்து ஓய்ந்ததும் ஒரு முறை. மழைக்குப் பின் மட்டும் தொலைந்தால் குழாயில் தண்ணீர் நிற்கிறது, உள்ளே கிடப்பது வீட்டுக்குள் போடும் கேபிள் என்று அர்த்தம். நம் ஊர் களிமண்ணில் ஐப்பசி, கார்த்திகையில் கேபிள் போகும் தரைக்குழிகளான சேம்பர்கள் தொட்டியாகிவிடும். மண்ணுக்கடியில் போவது ஜெல் நிரப்பிய, பாலிஎத்திலீன் உறைபோட்ட வெளிப்புறக் கேபிளாக இருக்க வேண்டும். ஒட்டு ஒன்றுகூட மண்ணுக்கடியில் வரக் கூடாது.

இனி நீட்டிக்கும் வழிகள். ஒப்பந்தக்காரர் முதலில் சொல்வது ஸ்விட்சின் முகப்பில் இருக்கும் எக்ஸ்டெண்ட் பொத்தான். அதைத் தள்ளினால் 250 மீட்டர் போகும் என்று பெட்டியிலேயே போட்டிருக்கும். அது செய்வது இதுதான்: போர்ட்டின் வேகத்தை 100 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 10 ஆகக் குறைக்கிறது, மெதுவான சிக்னல் கூடுதல் தூரம் தாங்குகிறது. 250 என்பது தயாரிப்பாளர் வாக்கு, தரநிலை அல்ல. 4 மெகாபிக்சல் கேமராவை எச்.265 வீடியோ சுருக்க முறையில் வைத்து, நொடிக்கு 15 பிரேம், 3072 கேபிபிஎஸ் என்று கட்டிப்போட்டால் 10-க்குள் அடங்கும். தொழிற்சாலை அமைப்பிலேயே விட்டால் கேட்டில் நாலு வண்டி சேர்ந்து நுழையும் நேரம் பார்த்துப் படம் திக்கும். நல்ல செம்புக் கேபிள் ஏற்கெனவே புதைந்து கிடக்கிறது, தூரம் 130, 140 மீட்டர், கேமரா ஒன்றே ஒன்று என்றால் இதை வைத்துக்கொள்ளலாம். புதிதாகக் கேபிள் இழுக்கும்போதே இதை நம்பித் திட்டம் போடுவது சரியில்லை.

அடுத்தது பிஓஇ எக்ஸ்டெண்டர். கேபிளின் நடுவில் உட்கார்ந்து, வரும் மின்சாரத்திலேயே தானும் ஓடி, சிக்னலைப் புதிதாக்கி அனுப்பும் சின்னப் பெட்டி. தனியாகப் பிளக் பாயிண்ட் வேண்டாம் என்பதுதான் இதன் சௌகரியம். தானே இரண்டு மூன்று வாட் தின்னும், ஆகவே 15.4 வாட் போர்ட்டில் 8 வாட் கேமராவுக்குத் தாராளம், பிடிஇசட்டுக்கு ஆகாது. 172 மீட்டருக்கு இதை 86-ஆவது மீட்டரை ஒட்டி வைக்க வேண்டும். 100-ஆவது மீட்டரில் வைத்தால் முதல் பாதி எல்லையிலேயே தொங்கும். தரை சேம்பருக்குள் வைக்கவே கூடாது. காம்பவுண்டுச் சுவரில், ஆள் நின்று கை எட்டும் உயரத்தில், ஐபி-66 பெட்டிக்குள். கேபிள் பெட்டியின் அடிப்பக்கம், தண்ணீர் புகாமல் கேபிளை இறுக்கிப் பிடிக்கும் கிளாண்டு வழியாக நுழைய வேண்டும், நுழையுமுன் சற்றுத் தொங்கி வளைந்து மேலேற வேண்டும். அப்போதுதான் வழியும் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

ஆனால் பின்பக்கம் ஒரு கேமராவோடு நிற்பதில்லை. கேட், ஜெனரேட்டர் ஷெட், கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டி என்று மூன்று வரும். மூன்று கேபிள் 172 மீட்டர் வீதம் 516 மீட்டர். 305 மீட்டர் பெட்டி இரண்டு வாங்க வேண்டும், கூடவே மூன்று எக்ஸ்டெண்டர். அந்த இடத்தில் எங்கள் கருத்து ஒன்றே: ஃபைபர் போடுங்கள்.

4 கோர் சிங்கிள்மோடு ஃபைபர் 190 மீட்டர். செம்புக் கேபிளின் சிக்னலை ஒளியாகவும் ஒளியைத் திரும்பச் சிக்னலாகவும் மாற்றி, ஒற்றை ஃபைபரில் ஓடும் மீடியா கன்வெர்ட்டர் ஒரு ஜோடி. பின்கேட்டில் 60 வாட் திறனுள்ள 4 போர்ட் பிஓஇ ஸ்விட்ச் ஒன்று. மூன்று கேமராவுக்கு 24 வாட்தான், நாலாவது வந்தாலும் இடம் உண்டு. கன்வெர்ட்டர் ஜோடி என்றால் ஒன்று ஏ, மற்றது பி. ஒன்று 1310 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அனுப்பி 1550-இல் வாங்கும், மற்றது தலைகீழ். இரண்டும் ஏ-வாக வந்துவிட்டால் எத்தனை நாள் மல்லுக்கட்டினாலும் லிங்க் விளக்கு எரியாது. 20 கிலோமீட்டர் வகை போதும். உள்ளே இருக்கும் நாலு கோர் இழைகளையும் இரு முனையிலும் உருக்கி ஒட்டி, அதாவது ஸ்ப்ளைஸ் செய்து வைக்கச் சொல்லுங்கள். ஒன்று ஓடும், மூன்று உபரி. பின்னால் ஒன்று போனால் ஸ்ப்ளைஸிங் மெஷினோடு ஆள் வர வேண்டாம், பேட்ச் கார்டை மாற்றிச் செருகினால் தீர்ந்தது.

ஃபைபருக்கு இந்த ஊரில் இன்னொரு நியாயம் இடி. தூணில் நிற்கும் கேமராவுக்கு அருகில் மின்னல் இறங்கினால், செம்புக் கேபிள் அந்த அதிர்ச்சியைக் கண்ட்ரோல் ரூம் ஸ்விட்சுக்கும் என்விஆருக்கும் கொண்டுவந்து சேர்க்கும். கண்ணாடி இழை கொண்டுவராது. இரும்பு உறைபோட்ட ஃபைபர் என்றால் அந்த உறையே கம்பியாகிவிடும், அதை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்து மறு முனையில் விலக்கி வெட்டி வைக்க வேண்டும். பெருச்சாளி கடிக்கும் என்றுதான் இரும்பு உறை கேட்கிறார்கள். உலோகமில்லா ஃபைபரை 32 மில்லிமீட்டர் எச்டிபிஇ குழாய்க்குள் விட்டால் இரண்டு கவலையும் அடங்கும்.

இந்த வழியின் ஒரே தொல்லை, பின்கேட்டில் 230 வோல்ட் லைன் வேண்டும். செக்யூரிட்டி கேபினில் லைன் இருக்கும், ஆனால் அது ஜெனரேட்டரோடு இணைந்ததா என்று பாருங்கள். 600 விஏ யுபிஎஸ் ஒன்று 7 ஏஎச் பேட்டரியோடு இந்தச் சுமையை ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாங்கும், ஜெனரேட்டர் எடுக்கும்வரை அது போதும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது போல நாள்கணக்கில் கரண்ட் போனால், கண்ட்ரோல் ரூமுக்கு இருக்கும் பேக்கப்பே பின்கேட்டுக்கும் வர வேண்டும். அதற்கு மூன்று கோர் மின்கம்பியைத் தனிக் குழாயில் இப்போதே போட்டுவிடுவது நல்லது. பள்ளம் ஒரு தடவைதான் தோண்டப் போகிறீர்கள்.

ஆகவே கொட்டேஷனில் "தேவைக்கேற்ப" என்ற வரியை அடித்துவிட்டு, ஒவ்வொரு கேமராவுக்கும் வழி நீளம் எத்தனை மீட்டர், கேபிள் முழுச் செம்பா, எக்ஸ்டெண்டரோ ஸ்விட்சோ எந்த இடத்தில் உட்காரும் என்று எழுதி வாங்குங்கள். மேலே சொன்ன மூன்று பிங் சோதனையையும் வேலை ஒப்புக்கொள்ளும் நிபந்தனையாகச் சேருங்கள். பத்து சதவீதப் பணத்தை முதல் பெருமழை வந்து போகும்வரை கையில் வைத்திருங்கள்.

இப்படிக்கு,
தஞ்சை வட்டாரத்தில் நெட்வொர்க், கேமரா வேலை பார்க்கும் சிலர்