வங்கி வைத்த அட்மினிஸ்ட்ரேட்டரும் உங்கள் பாக்கியும்: பிரிட்டனில் சரக்குக் கொடுக்கும் தமிழ் வியாபாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான வியாபார உறவுகளுக்கு,

வணக்கம். கடன் அடைக்க முடியாமல் போன கம்பெனிகளின் கோப்புகளைப் பார்க்கும் லண்டன் அலுவலகம் ஒன்றில் நான் வேலை செய்கிறேன். அரிசி, பருப்பு, மசாலா, மரக்கறி என்று மொத்தக் கடைகளுக்குக் கடனுக்குச் சரக்குப் போடும் உங்களில் பலருக்கு எங்களைப் போன்ற அலுவலகங்களிலிருந்து தடித்த கடித உறை வந்திருக்கும். "வங்கி ஆளை வைத்துவிட்டது, இனி நமக்கு என்ன கிடைக்கப்போகிறது" என்று சொல்லி அதை மேசை இழுப்பறையில் போட்டுவிடுகிறீர்கள். அந்த உறைக்குள் நீங்கள் பதில் சொல்ல வேண்டிய கெடு ஒன்று இருக்கும். அது முடிந்த பிறகுதான் எங்களுக்குத் தொலைபேசி எடுக்கிறீர்கள். அதனால்தான் இந்த மடல். இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்து, வேல்ஸ் சட்டப்படி.

உங்கள் அவநம்பிக்கைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. முன்பெல்லாம், கடன் திரும்பாதபோது தொழிலையும் சொத்தையும் கையில் எடுக்க வங்கி வைத்தவர் ரிசீவர். காகிதத்தில் அவர் கடன் வாங்கிய கம்பெனியின் முகவர். ஆனால் அவர் முதலில் பார்க்க வேண்டியது வங்கியின் பணம் திரும்புகிறதா என்பதைத்தான். 1980களில் பெரிய பன்றிப் பண்ணை ஒன்றுக்கு வங்கி ரிசீவர்களை வைத்தது. அவர்கள் சில ஆண்டுகள் பண்ணையை நடத்தினார்கள். மொத்தமாகத் தீவனம் வாங்குபவருக்குக் கம்பெனிகள் தள்ளுபடி தரும், கேட்டு வாங்குங்கள் என்று பண்ணைக்காரர் சொல்லியும் அவர்கள் கேட்கவில்லை. வாரத்துக்குச் சுமார் 1,000 பவுண்டு அப்படியே போனது. வழக்கு மெட்ஃபோர்த் எதிர் பிளேக் என்ற பெயரில் 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. நேர்மையாக இருந்தால் மட்டும் போதாது, தொழிலை நடத்த முன்வந்த ரிசீவர் அதை லாபமாக நடத்த நியாயமான முயற்சி எடுக்கவும் வேண்டும் என்று தீர்ப்பு வந்தது.

நல்ல தீர்ப்புதான். ஆனால் அந்தக் கடமை யாருக்கு? அடமானம் வைத்த பண்ணைக்காரருக்கும், அந்தச் சொத்தில் அவருக்கு அடுத்து உரிமை உள்ளவர்களுக்கும். எந்தப் பிணையும் இல்லாமல் கடனுக்குச் சரக்குக் கொடுத்தவருக்கு அதில் இடமே இல்லை. உங்கள் மாமாவோ அண்ணாவோ அந்தக் காலத்தில் பணத்தைத் தொலைத்திருந்தால், அவர் சொல்லும் கதை பெரும்பாலும் இந்த ரிசீவர் காலத்துக் கதையாகத்தான் இருக்கும்.

2003 செப்டம்பர் 15க்குப் பிறகு எழுதிய பிணைப் பத்திரங்களுக்கு, சில விதிவிலக்குகள் போக, முழுத் தொழிலையும் கையில் எடுக்கும் அந்த ரிசீவரை வங்கி வைக்க முடியாது. வங்கி இப்போது வைப்பது அட்மினிஸ்ட்ரேட்டரை. ஃப்ளோட்டிங் சார்ஜ் என்பது கடைச் சரக்கு போல மாறிக்கொண்டே இருக்கும் சொத்துகள் மேல் உள்ள பிணை. கம்பெனியின் சொத்து ஏறக்குறைய முழுவதையும் தழுவும் அப்படி ஒரு சார்ஜ் கையில் இருந்தால், வங்கி விசாரணை எதுவும் இல்லாமல் நீதிமன்றத்தில் தாள்களைத் தாக்கல் செய்தே அவரை நியமிக்கலாம். முதலாளிக்கு மாலையில் தெரிந்து, காலையில் அட்மினிஸ்ட்ரேட்டர் கடை வாசலில் நிற்பதும் உண்டு. இதைப் பார்க்கிறவர்களுக்கு எல்லாம் பழையபடிதான் என்று தோன்றும். ஆனால் யார் நியமித்தாலும் அவர் நீதிமன்ற அதிகாரி. கடன் கொடுத்த எல்லோருடைய நன்மைக்காகவும் வேலை செய்ய வேண்டியவர். முதலில் கம்பெனியைக் காப்பாற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும். முடியாவிட்டால், நேராக மூடிவிடுவதைவிட எல்லோருக்கும் கூடுதலாகக் கிடைக்கும் வழியைத் தேட வேண்டும். இரண்டும் நடைமுறையில் முடியாது என்றால்தான், சொத்தை விற்று வங்கி போன்றவர்களுக்கு மட்டும் கொடுக்கும் மூன்றாவது வழிக்குப் போகலாம். அப்போதும் மற்றவர்களுக்குத் தேவையில்லாத சேதம் வரக்கூடாது.

அவருடைய அதிகாரம் பெரியது. கடையைத் திறந்து நடத்தலாம், ஆட்களை நிறுத்தலாம், ஃப்ளோட்டிங் சார்ஜில் உள்ள சரக்கை வங்கியைக் கேட்காமலே விற்கலாம். அவர் வந்த நிமிடத்திலிருந்து நீங்கள் வேனைக் கொண்டுபோய் உங்கள் மூட்டைகளை ஏற்றிவர முடியாது. பணம் முழுக்கத் தீரும் வரை சரக்கு உங்களுடையது என்று ஒப்பந்தம் இருந்தாலும், அவருடைய சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ வேண்டும். அந்த உரிமையைக் கேட்கவும் இரண்டு விஷயம் சரியாக இருக்க வேண்டும். முதலாவது, அந்த நிபந்தனை சரக்கு இறங்குவதற்கு முன்பே வாங்குபவர் ஒப்புக்கொண்டதாக இருக்க வேண்டும். பின்னால் அனுப்பிய பில்லின் அடியில் சிறிய எழுத்தில் மட்டும் இருந்தால் அது எளிதில் அடிபட்டுப்போகும். இரண்டாவது, கடையில் இருக்கும் இந்த மூட்டை பணம் வராத இந்தப் பில்லில் போனது என்று காட்ட வேண்டும். அரிசி மூட்டையில் தொகுதி எண் இருந்தால் பிழைப்பீர்கள். முருங்கைக்காயும் வெண்டைக்காயும் போட்டவர்களுக்கு இதில் பலன் இல்லை, கணக்கெடுக்க ஆள் வருவதற்குள் அவை விற்றோ அழுகியோ போயிருக்கும்.

கடையைத் திறந்து வைத்திருந்தால் அவருக்கு உங்கள் சரக்கு மறுபடி தேவைப்படும். இங்கேதான் நம் ஆட்கள் அதிகம் கோட்டைவிடுகிறார்கள். பழைய பாக்கியின் கோபத்தில் புது ஆர்டரையும் மறுக்கிறார்கள், அல்லது முன்பு போலவே வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்து அனுப்பிவிடுகிறார்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் தானே கம்பெனி சார்பில் செய்துகொண்ட புது ஒப்பந்தத்தின் கடன், அவருடைய சொந்தக் கட்டணத்துக்கும் முன்னால் நிற்கும். அவர் கட்டணமோ ஃப்ளோட்டிங் சார்ஜில் வங்கிக்கு வரவேண்டியதற்கு முன்னால் நிற்கும். அவ்வளவு உயரத்தில் உங்கள் பில் இருக்கும். அதற்கு, ஆர்டர் அவருடைய அலுவலகத்திலிருந்து, அவரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ எழுத்தில் தந்ததாக இருக்க வேண்டும். பழைய மேலாளர் பழைய எண்ணிலிருந்து அனுப்பிய செய்தியை வைத்துப் பின்னால் வாதாடுவது கடினம். தொடர்ந்து சரக்குத் தருவதாக எழுத்து ஒப்பந்தம் இருந்தால், அட்மினிஸ்ட்ரேஷன் வந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக அதை முறிக்க முடியாது, பழைய பாக்கியைக் கட்டினால்தான் தருவேன் என்று சொல்லவும் முடியாது. 2020இல் வந்த மாற்றம் அது. ஒவ்வொரு ஆர்டரும் தனித்தனியாக நடக்கிறவர்களுக்கு இந்தக் கட்டு பெரும்பாலும் இல்லை.

சரி, பழைய பாக்கிக்கு என்ன கிடைக்கும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மொத்தக் கடை உங்களுக்கு 18,000 பவுண்டு தரவேண்டும். உங்களைப் போன்ற பிணையில்லாதவர்களுக்கு மொத்தம் 650,000 வரவேண்டும் என்று வையுங்கள். ஃப்ளோட்டிங் சார்ஜ் சொத்துகளை விற்றதில் 420,000 வந்தது. செலவும் கட்டணமும் 130,000. ஊழியர்களின் முன்னுரிமைச் சம்பளம், விடுமுறைப் பணம் 20,000. அடுத்து வாட் போன்ற சில வரிகளுக்காக வரித்துறைக்கு 90,000. இந்த வரி முன்னுரிமை 2020 டிசம்பரிலிருந்து திரும்ப வந்தது. மிச்சம் 180,000. இதை முழுக்க வங்கி எடுத்துக்கொள்ளும் என்றுதான் நீங்கள் நினைக்கிறீர்கள். சட்டம் அப்படி விடவில்லை. முதல் 10,000இல் பாதியும், அதற்கு மேலே உள்ளதில் 20 சதவீதமும் உங்களைப் போன்றவர்களுக்காக ஒதுக்கப்பட வேண்டும். 5,000மும் 34,000மும் சேர்த்து 39,000 பவுண்டு. பவுண்டுக்கு 6 பென்ஸ், உங்களுக்கு 1,080. அதைப் பங்கிடும் செலவும் அதிலிருந்தே போகும் என்பதால் கையில் வருவது இன்னும் கொஞ்சம் குறையும். வங்கிக்குத் துண்டு விழுந்தாலும், பிணையை விட்டுக்கொடுக்காத வரை, இந்த 39,000இல் அது பங்கு கேட்க முடியாது. இப்படி ஒதுக்கும் தொகைக்கு உச்சவரம்பு உண்டு. 2020 ஏப்ரல் 6 முதல் எழுதிய சார்ஜுக்கு அது 800,000, பழையவற்றுக்குப் பொதுவாக 600,000.

தொகை சின்னதுதான். ஆனால் மேலே உள்ள 130,000ஐப் பாருங்கள். அந்தச் செலவுக் கணக்கில் 50,000 குறைந்திருந்தால் உங்கள் கூட்டத்துக்கு 10,000 கூடியிருக்கும். அந்தக் கட்டணத்தை யார் ஒப்புக்கொள்கிறார்கள் என்பதுதான் உறைக்குள் இருக்கும் விஷயம். நியமனமான 8 வாரத்துக்குள் அட்மினிஸ்ட்ரேட்டர் தன் திட்டத்தை அனுப்ப வேண்டும். அதில், ஒதுக்கீட்டுத் தொகையைத் தவிரப் பிணையில்லாதவர்களுக்கு வேறெதுவும் கிடைக்காது என்று அவர் எழுதிவிட்டால், உங்களிடம் முடிவு கேட்கத் தேவையில்லை. கடன் கொடுத்தவர்களின் கமிட்டியும் இல்லையென்றால், கட்டணத்துக்கு வங்கியின் சம்மதம் போதும், முன்னுரிமைக்காரர்களுக்குப் பங்கு வருமானால் அவர்களுடையதும் வேண்டும். ஒரே வங்கியிடமிருந்து அடுத்தடுத்து வேலை வாங்கும் நிறுவனங்கள் உண்டு என்பது எங்கள் தொழிலில் யாரும் மறுக்காத உண்மை. எல்லோரும் அதனால் வளைந்துபோவார்கள் என்று நான் சொல்லவில்லை. கேள்வி கேட்க வேறு ஆள் இல்லாத இடத்தில் கை தாராளமாகும், அவ்வளவுதான்.

மொத்தக் கடனில் 10 சதவீதம் வைத்திருப்பவர்கள் சேர்ந்து, திட்டம் வந்த 8 வேலை நாளுக்குள் எழுதிக் கேட்டால், அவர் கடன் கொடுத்தவர்களின் முடிவைக் கேட்டே ஆக வேண்டும். அதில் 3 முதல் 5 பேர் கொண்ட கமிட்டி அமைக்கலாம். கமிட்டி இருந்தால் கட்டணம் முதலில் அங்கேதான் போகும். இரண்டு மூன்று பெரிய சப்ளையர்கள் சேர்ந்தாலே 10 சதவீதம் வந்துவிடலாம். ஒரே சந்தையில் போட்டி என்பதற்காக ஒருவருக்கொருவர் பாக்கித் தொகையை மறைப்பதால் அது பல நேரம் வருவதில்லை.

நீதிமன்றத்துக்குப் போகலாமா என்று கேட்பீர்கள். உங்கள் நலனுக்கு நியாயமற்ற சேதம் செய்கிறார் என்றோ, கடமை தவறினார் என்றோ போக வழி இருக்கிறது. எளிதாக வெல்ல முடியாது. டேவி எதிர் மணி என்ற 2018 வழக்கில், அட்மினிஸ்ட்ரேட்டர்கள் தங்களை நியமித்த, பிணை வைத்திருந்த கடன்காரர் சொன்னபடி ஆடினார்கள் என்ற குற்றச்சாட்டு தோற்றது. அந்தக் கடன்காரரிடம் கலந்துபேசுவதில் தவறில்லை, முடிவை மட்டும் அட்மினிஸ்ட்ரேட்டர் தானே யோசித்து எடுக்க வேண்டும் என்றார் நீதிபதி. வியாபாரக் கணிப்பு தவறியது என்பதற்காக நீதிமன்றம் அவரைப் பிடிக்காது. வழக்கறிஞருக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் கமிட்டியில் உட்கார்ந்து கேளுங்கள்: சரக்கை யாருக்கு விற்றீர்கள், வேறு யாரிடம் விலை கேட்டீர்கள், பழைய முதலாளியின் சொந்தக்காரர் வாங்கினாரா? முதல் 8 வாரத்துக்குள் அப்படி நெருங்கியவருக்குச் சொத்தின் பெரும்பகுதியை விற்றால், உங்கள் ஒப்புதலோ தனி மதிப்பீட்டாளரின் அறிக்கையோ 2021 ஏப்ரல் 30 முதல் கட்டாயம். அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

இப்போது இழுப்பறையில் பிரிக்காத உறை இருந்தால், முதல் பக்கத்தில் உள்ள தேதியிலிருந்து வேலை நாட்களை எண்ணிப் பாருங்கள். 8 தாண்டவில்லை என்றால், உங்கள் பாக்கிக்கான படிவத்தைப் பில்களோடு அனுப்பிவிட்டு, அதே கடைக்குச் சரக்குப் போட்ட மற்றவர்களுக்கு இன்றே தொலைபேசி எடுங்கள்.

இப்படிக்கு,
லண்டனிலிருந்து உங்களில் ஒருவன்