மேடத்துக்கு எழுதும் நாலு வரி

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் கூடவே மூன்று பக்க வாழ்த்து மடலும் கிடைத்தன. வரும் வெள்ளிக்கிழமை ஓய்வு பெறும் உங்கள் கணக்குப் பிரிவு மேடத்துக்கு எழுதியது, கொஞ்சம் சுருக்கித் தா என்று கேட்டிருக்கிறாய். இதைச் சுருக்கிப் பயனில்லை. மூன்று பக்கத்தை ஒரு பக்கமாக்கினால் அதே பொதுப்பேச்சுதான் நெருக்கிக்கொண்டு நிற்கும். இதற்குள்ளே இருக்கும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட வேண்டும்.

முதல் பக்கத்தைப் பார். 'தன்னலமற்ற உழைப்பு, மாறாத இன்முகம், நேரம் தவறாமை, எல்லோரையும் அரவணைக்கும் பண்பு.' மேடத்தின் பெயரை அடித்துவிட்டு, போன வருடம் ஓய்வு பெற்றவரின் பெயரைப் போட்டுப் படி. ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டியிருக்காது. பெயரை மாற்றியும் பொருந்துகிற வரி அவருக்காக எழுதியது ஆகாது. இந்தச் சோதனையில் உன் முதல் பக்கம் முழுக்கவும், மூன்றாம் பக்கத்தில் முக்கால்வாசியும் போய்விடுகின்றன.

இரண்டாம் பக்கத்தின் நடுவில், அடைப்புக்குறிக்குள், போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறாய்: தப்பான தொகைக்குப் பக்கத்தில் அவர் பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி வைப்பார், திருத்திக் கொடுத்ததும் அந்தப் புள்ளியை அவரே ரப்பரால் அழித்துவிடுவார் என்று. உனக்குத் தேவையான மடல் அந்த அடைப்புக்குறிக்குள்தான் இருக்கிறது. சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தால் தாளைப் பார்க்கிற எல்லோருக்கும் உன் தப்பு தெரிந்திருக்கும். பென்சில் புள்ளி உனக்கு மட்டும்தான் தெரியும், வேலை முடிந்ததும் அதுவும் இருக்காது. 'பெருந்தன்மையானவர்' என்று நீ ஒரு பக்கம் எழுதியது இந்த ஒரு காரியத்தில் தானாக வந்துவிடுகிறது. அந்தச் சொல்லை எழுதவே வேண்டாம்.

எல்லோருக்கும் இப்படி ஒன்று கையில் சிக்கிவிடாது. சிக்காதபோது, 'அவர் எப்படிப்பட்டவர்?' என்று யோசித்தால் மறுபடியும் பண்புப் பட்டியல்தான் வரும். 'அவர் போன மறுவாரம் இங்கே எந்த வேலை தடுமாறும்? எதற்கு ஆளாளுக்கு அவர் நாற்காலியைத் திரும்பிப் பார்ப்பார்கள்?' என்று கேட்டுப் பார். கையால் செய்கிற ஒரு காரியமோ, அடிக்கடி வாயில் வருகிற ஒரு வாக்கியமோ கிடைக்கும். அதுவும் கிடைக்கவில்லை என்றால் அந்த ஆளோடு உனக்கு அவ்வளவு பழக்கமில்லை என்று அர்த்தம். அப்போது இரண்டே வரியில் நன்றி சொல்லி முடிப்பதுதான் கௌரவம். இல்லாத நெருக்கத்தை எழுதினால் வாங்குகிறவருக்கு உடனே தெரிந்துவிடும்.

அட்டையில் எழுதத்தான் போகிறாய் என்றால் நாற்பது, ஐம்பது சொல் போதும். நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன். உன் வாய்க்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்:

'மேடம், நான் தப்பாகப் போட்ட தொகைக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பீர்கள். யாரிடமும் சொல்ல மாட்டீர்கள். நான் திருத்தியதும் நீங்களே அதை அழித்துவிடுவீர்கள். இப்போது என்னிடம் வேலை பழகுகிறவர்களின் தாளில் நானும் பென்சில் புள்ளிதான் வைக்கிறேன். ஏன் என்று அவர்கள் கேட்டால் உங்கள் பெயரைச் சொல்கிறேன். ஆண்டுக் கணக்கு முடிந்த வாரம் உங்களைப் பார்க்க வருகிறேன்.'

'இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் அன்புக்குரிய' என்று இதில் ஆரம்பிக்கவில்லை, கவனித்தாயா? அவர் ஓய்வு பெறுவது அவருக்கே தெரியும். அதே அட்டையில் இன்னும் பதினைந்து பேர் அப்படித்தான் ஆரம்பித்திருப்பார்கள். முதல் சொல்லிலேயே காரியத்துக்குள் போய்விட்டால் பதினாறாவது வாழ்த்தைக்கூட நின்று படிப்பார். அடுத்தது, புள்ளியோடு நிறுத்தவில்லை. அது உன் கைக்கு வந்துவிட்டது என்பதுதான் அவருக்குப் புதிய சேதி. புள்ளி வைத்தது அவருக்குத் தெரியும், நீ இன்று வைப்பது தெரியாது. இது உண்மையாக இருந்தால் மட்டும் எழுது. நீ சிவப்பு மை பிடிக்கிற ஆள் என்றால் அந்த வரியை எடுத்துவிடு, பிரிவில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். கடைசி வரியும் அப்படித்தான். 'என்றும் தொடர்பில் இருப்போம்' என்பதற்குத் தேதி கிடையாது, அதனால் யாரும் அதை நம்புவதும் கிடையாது. போக முடியாது என்றால் பார்க்க வருவதாக எழுதாதே, அந்த இடத்தில் நன்றியோடு நிறுத்திக்கொள்.

உன் மடலில் என்னை உறுத்தியது இறந்தகாலம். 'அன்பானவராக இருந்தார், எளிமையாக வாழ்ந்தார், அனைவர் மனத்திலும் நிறைந்திருந்தார்.' படித்தால் இரங்கல் கூட்டம் மாதிரி இருக்கிறது. நடந்த சம்பவத்துக்கு இறந்தகாலம் சரி, குணத்துக்குக் கூடாது. வேலையை விட்டுப் போகிறாரே தவிர குணத்தை விட்டுவிட்டுப் போகவில்லை. இன்னொன்று, 'நீங்கள்' என்று ஆரம்பித்து பாதியில் 'அவர்' ஆக்கிவிட்டாய். அட்டை என்றால் கடைசிவரை 'நீங்கள்'. மேடையில் மற்றவர்களைப் பார்த்துப் படிப்பதென்றால் 'அவர்', கடைசி ஒரு வரிக்கு மட்டும் அவர் பக்கம் திரும்பி 'நீங்கள்'. 'தங்கள் பொற்பாதம் பதிந்த அலுவலகம்' போன்ற மேடைத் தமிழும் வேண்டாம். தினமும் 'மேடம்' என்று கூப்பிட்டவரிடம் திடீரென்று அரசவைக் கவிஞன் மாதிரி பேசினால் வேறு யாரோ எழுதிக் கொடுத்தது போலிருக்கும்.

'இனி பேரப்பிள்ளைகளோடு மகிழ்ந்திருங்கள்', 'இனியாவது உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்', 'நிம்மதியாகத் தூங்குங்கள்' மூன்றையும் அடித்துவிடு. அவருடைய வீட்டு நிலவரம் உனக்கு முழுதாகத் தெரியாது. ஓய்வை விரும்பிப் போகிறாரா என்பதும் தெரியாது. அவரே வாய்விட்டுச் சொன்ன திட்டம் ஏதாவது இருந்தால் அதை மட்டும் எழுதலாம். மூன்றாம் பக்கத்தில் பழைய மேலதிகாரியோடு நடந்த சண்டையை நகைச்சுவையாக எழுதியிருக்கிறாய். சிரிப்பு வருகிறது, ஆனால் அட்டை அவர் வீட்டுக்குப் போகும், வீட்டில் எல்லோரும் படிப்பார்கள். அதை நேரில் சொல்லிக்கொள். சேர்ந்த வருடம் ஓரிடத்தில் ஒரு மாதிரியும் இன்னோரிடத்தில் வேறு மாதிரியும் இருக்கிறது. சரிபார்க்க நேரமில்லை என்றால் வருடமே வேண்டாம், கணக்குப் பார்த்தே காலம் கழித்தவரிடம் தப்பான எண்ணைக் கொடுக்காதே.

எழுதி முடித்ததும் ஒரு தடவை வாய்விட்டுப் படி. மூச்சு முட்டுகிற இடத்தில் வாக்கியத்தை இரண்டாக உடை. அட்டையில் உனக்கு எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்று பார்த்து, அதே அளவுக்கு வெள்ளைத்தாளில் கட்டம் போட்டு முதலில் அதில் எழுதிப் பார். இல்லாவிட்டால் முதல் இரண்டு வரி பெரிதாகவும் கடைசி வரி எறும்பு மாதிரி ஓரத்திலும் வந்து நிற்கும். வழவழப்பான அட்டையில் ஜெல் பேனா ஈஷிக்கொள்ளும். பால்பாயிண்ட் பேனாவால் எழுது, மூடுவதற்கு முன் கொஞ்சம் காயவிடு. கீழே சுருக்கொப்பம் மட்டும் போடாதே. பத்து வருடம் கழித்து எடுத்துப் பார்க்கும்போது அந்தக் கிறுக்கல் யாருடையது என்று அவருக்குத் தெரிய வேண்டும். முழுப்பெயர், பிரிவு, தேதி மூன்றையும் எழுது.

வெள்ளிக்கிழமைக்கு முன்னால் முடித்து அனுப்பினால் ஒருமுறை பார்த்துத் தருகிறேன். உன் மூன்று பக்கத்தையும் இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். திருத்தம் எல்லாம் பென்சிலில்தான்.

அன்புடன்,
உன் நண்பன்